பாதி மாடி

காலையில் இவருக்குச் சட்டை போட்டுவிடுவது என் வேலை. குழந்தைக்குப் போடுவதைவிட இவருக்குப் போடுவதுதான் கஷ்டம். குழந்தை வலித்தால் அழும். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. முதலில் அந்தக் கையை நுழைக்க வேண்டும், சட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும், அப்புறம்தான் நல்ல கை. 'நல்ல கை' என்று பெயர் வைத்தது எங்கள் மகள். "நல்ல கையால தூக்குப்பா" என்பாள்.

அன்று பாதிச் சட்டையில் இருக்கும்போது போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார்.

போட்டேன். கத்தரிக்கோல்.

கிளினிக் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எந்தப் பில் வந்தாலும் ஓரத்தை வெட்டாமல் விடமாட்டார். தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு வரி குறைத்துத்தான் அச்சடித்திருப்பார் என்று இவர் சொல்லிச் சிரித்ததுண்டு. சிரித்தது போன வருஷத்துக்கு முன்னால்.

"கொட்டேஷன் பார்த்தேன் சார். வேலை உங்களுக்குத்தான், அதுல சந்தேகமே வேண்டாம். இருபது பர்சன்ட் மட்டும் குறைச்சு புதுசா ஒண்ணு அனுப்பிடுங்க. இன்னிக்கே."

"இருபது கொஞ்சம் அதிகம் சார்..."

"போன வருஷம் பதினஞ்சு குடுத்தீங்க. இது அதைவிடப் பெரிய வேலை. கூட அஞ்சு குடுக்க மாட்டீங்களா? நாங்க என்ன புது ஆளா?"

நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாதீங்க. தயவுசெய்து அதைச் சொல்லாதீங்க.

"பார்த்துக்கலாம் சார்," என்றார் இவர்.

போன் வைக்கப்பட்டது. நான் சட்டையை விட்டுவிட்டேன். ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றார், காற்றில் மாட்டிய துணி மாதிரி.

"மிச்சத்தை அந்த மேனேஜர் வந்து போட்டுவிடுவார். இருங்க," என்றேன்.

*

இந்தப் 'பார்த்துக்கலாம்' என்ற சொல்லைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். என் வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்று நின்றபோது, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "பார்த்துக்கலாம், நீ அழாதே" என்றார். அன்றைக்கு அந்த ஒரு சொல்லில் வீடு கட்டிக் குடியிருக்கலாம் போல இருந்தது. வாடிக்கையாளர்களிடமும் அதையே சொல்வார் என்று அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மொட்டை மாடி ஒழுகலை அடைப்பது எங்கள் தொழில். இவர் மாடியில், நான் மேசையில். அளந்து, கணக்குப் போட்டு, கொட்டேஷன் எழுதுவது நான். ஆட்களை வைத்து வேலையை முடிப்பது இவர். எங்களிடம் நான்கு ஆட்கள். மழைக்கு முந்திய மாதங்களில் செய்யும் வேலைதான் வருஷம் முழுக்கச் சோறு போட வேண்டும். இந்த வருஷம் அந்த மாதங்களில் கிடைத்த பெரிய வேலை இது ஒன்றுதான்.

போன வருஷம் இதே கிளினிக்கின் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்பு மாடி. கத்தரிக்கோல் பதினைந்து சதவீதம் கேட்டார். இவர் பார்த்துக்கலாம் என்றார். வேலையில் எதையும் குறைக்காமல் விலையை மட்டும் குறைத்தார். எனக்குத் தெரிந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. அந்தப் பதினைந்தை எங்கிருந்து எடுப்பது? பூச்சு வாங்கும் கடைக்காரர் தருவாரா? இரண்டு ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் தூக்க வேண்டிய டிரம்களை இவரே தோளில் வைத்து மூன்று மாடி ஏறினார். ஒரு நாள் படியின் திருப்பத்தில் தோளில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்றார். அறுந்த மாதிரி இல்லை. அறுந்தேதான் இருந்தது.

அந்தப் பதினைந்துக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. இப்போது அது எங்கள் விலையின் ஆரம்பப் புள்ளி ஆகிவிட்டது.

"வேலை போயிடும்டி," என்றார் இவர், சட்டையைத் தானே மாட்டப் பார்த்துக்கொண்டு. "நாலு பேர் இருக்காங்க. மழை வந்துட்டா எவனும் கூப்பிட மாட்டான்."

"இருபது குறைச்சா? யார் டிரம் தூக்கறது? இடது தோளும் அறுந்தா சோறு யார் ஊட்டறது?"

"நீதான்."

"சிரிக்க வைக்காதீங்க. நான் கோபமா இருக்கேன்."

"தெரியுது ஹெட்மாஸ்டர்." நான் கோபப்படும்போது அவர் என்னைக் கூப்பிடும் பெயர். "சரி, என்னதான் பண்ணலாம்?"

"விலையைத் தொட மாட்டேன். அவங்ககிட்ட இருக்கிற காசுக்கு எவ்வளவு வேலை வருமோ, அதைச் சொல்றேன். அவங்களே எடுத்துக்கட்டும்."

"எதையாவது எடுத்துட்டுக் குறைக்கறதுன்னா சரி," என்றார். நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சட்டையின் மீதிக் கையை மாட்டிவிட்டு, பொத்தான்களைக் கொஞ்சம் வேகமாகவே போட்டுவிட்டேன்.

*

அவர் கடைக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மகளின் கலர் பென்சில்களை ஓரம் தள்ளிவிட்டு எழுதினேன். முதலில் எழுதியதை அனுப்பியிருந்தால் கத்தரிக்கோல் போலீசுக்குப் போயிருப்பார். இரண்டாவது இது:

"வணக்கம் சார். நாங்கள் அனுப்பிய விலை, அதில் எழுதியிருக்கும் வேலைக்கான விலை. அதே வேலைக்கு அதைக் குறைக்க இயலாது. உங்கள் பட்ஜெட் குறைவு என்றால் வேலையின் அளவை மாற்றலாம். மூன்று வழிகள் தருகிறேன்.

ஒன்று: எழுதியபடி முழு மாடி.

இரண்டு: ஸ்கேன் அறைக்கு மேலே உள்ள பாதி மாடி மட்டும். நடுவில் உள்ள குட்டைச் சுவர் மாடியை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு பாதிக்கும் தனித்தனி வாட்டமும் தண்ணீர் போகத் தனித்தனிக் குழாயும் இருக்கின்றன. அதனால் இது முடியும். கேரண்டி அந்தப் பாதிக்கு மட்டும். மறு பாதி மழைக்குப் பிறகு, அன்றைய விலையில்.

மூன்று: முழு மாடி, மேலே வெள்ளை ஓடு பதிக்காமல். வெயில் தாங்கும் பூச்சோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் அங்கே யாரும் நடமாடக் கூடாது, கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது, சாமான் எதுவும் வைக்கக் கூடாது. கேரண்டியும் பத்து வருஷத்துக்குப் பதில் ஐந்து.

இவற்றில் எதை எடுத்தாலும், பழைய தளப்பூச்சைப் பெயர்த்து அள்ளும் வேலையை உங்கள் ஆட்களே செய்தால் அந்தக் கூலியைக் கழித்துக்கொள்கிறோம்."

ஒவ்வொன்றுக்கும் எதிரே அதனதன் தொகையை எழுதினேன். 'மன்னிக்கவும்' என்று ஒரு சொல் எழுதி அழித்தேன். 'தாழ்மையுடன்' என்று எழுதி அதையும் அழித்தேன். மன்னிப்புக் கேட்க நான் என்ன அவர் வீட்டுப் பாத்திரத்தையா உடைத்தேன்?

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "மதியம் நேரில் வரவும்." வணக்கம்கூட இல்லை. அதையும் வெட்டிவிட்டார்.

*

கத்தரிக்கோலின் அறை மருந்துக்கடைக்குப் பின்னால். ஜன்னல் இல்லை. மருந்து வைக்கும் குளிர்பெட்டி ஒன்று மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே கதவு திறந்திருந்த ஸ்கேன் அறை. மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் உறை, பக்கத்தில் தரையில் ஒரு வாளி. போன வாரம் பெய்த ஒரே ஒரு மழையின் கறை கூரையில் பழுப்பாக விரிந்திருந்தது.

இவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் பேனாவைச் செருகிச் செருகி எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படி நெளிகிறார் என்று யோசித்தேன்.

"என்ன மேடம் இது," என்றார் கத்தரிக்கோல், என் செய்தியை அச்செடுத்து மேசையில் தட்டி. "நான் டிஸ்கவுண்ட் கேட்டா நீங்க மெனு கார்டு அனுப்பறீங்க?"

"டிஸ்கவுண்ட் இல்ல சார். அதான் மெனு."

"போன வருஷம் இருந்துச்சே?"

"போன வருஷம் குடுத்தது தப்பு சார். தப்பை வழக்கமாக்க முடியாது."

"தப்பா! அது நல்லுறவு மேடம்!"

"உறவுன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும் சார்."

மேசையின் கீழே இவர் கால் என் காலைத் தொட்டது. போதும் என்று அர்த்தம். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

கத்தரிக்கோல் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, எனக்குத் தெரியாதபடி மார்போடு வைத்துக்கொண்டார். சீட்டு விளையாடுகிறவர் மாதிரி. "இன்னொரு பார்ட்டி. உங்களைவிட முப்பது பர்சன்ட் கம்மி. அவன் என்ன பைத்தியக்காரனா?"

"இருக்காது. நல்லவராக்கூட இருக்கலாம். பழைய பூச்சைப் பெயர்த்து எடுக்கறாரா, இல்ல அது மேலேயே அடிக்கறாரா? முடிச்சப்புறம் தண்ணி தேக்கிப் பார்த்துக் காட்டறாரா? ரெண்டுக்கும் ஆமான்னா அவருக்கே குடுங்க சார். நான் சந்தோஷமா எழுந்து போறேன்."

தாள் மார்பிலிருந்து இறங்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்களே பேச்சை எடுத்தீங்க மேடம். தண்ணி தேக்கறது. அதை விட்டுடலாம்னு உங்க வீட்டுக்காரர் கடையிலேர்ந்து போன் பண்ணிச் சொல்லிட்டாரே? தண்ணியைத் தேக்கி ரெண்டு நாள் காத்திருக்கறது, ஒழுகினா திரும்பச் செய்யறது, அந்தக் கூலி எல்லாம் மிச்சம். அதுல பத்து பர்சன்ட் குறைச்சுக்கலாம்னாரே? எனக்கு இது ஓகே. எனக்கு மாடி முழுசா கிடைக்குது, ஓடும் கிடைக்குது. உங்களோட ரெண்டாவது, மூணாவது வழியைவிட இந்த நாலாவது வழிதான் நல்லா இருக்கு!"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். பேனா சட்டைப்பைக்குள் போய்விட்டது. இவர் தரையில் இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒன்றும் இல்லை.

எங்கள் வேலையில் கடைசிக் கட்டம் அது. பூச்செல்லாம் காய்ந்த பிறகு, ஓடு பதிப்பதற்கு முன்னால், குழாய் வாயை அடைத்துவிட்டு மாடியில் தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் விட வேண்டும். கீழே கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் எங்கே என்று தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். ஓடு பதித்த பிறகு தெரிந்தால், எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். பத்து வருஷ கேரண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். எந்தத் தைரியத்தில் போடுகிறேன்? அந்த இரண்டு நாளின் தைரியத்தில்.

அதைப் போய், கத்தரிக்கோலுக்கு வலிக்காது என்பதற்காக, தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கணவன் ஒரு வார்த்தை கொடுத்த பிறகு வெளியாள் முன்னால் மனைவி அதை மறுக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். வளர்த்தவர்கள் யாரும் மாடிக்குக் கேரண்டி எழுதிக் கொடுத்ததில்லை.

"அது விற்பனைக்கு இல்ல சார்," என்றேன்.

"அவர் சொன்னாரே..."

"சொன்னது தப்பு. அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கறேன். தண்ணி தேக்கிப் பார்க்காம நாங்க மாடியை ஒப்படைக்க மாட்டோம். பாதி மாடின்னாலும் சரி, ஓடு இல்லாத மாடின்னாலும் சரி."

"புருஷன் ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு! நான் யார்கிட்டதான் பேசறது? வீட்ல பேசி முடிச்சுட்டு வரக் கூடாதா?"

"வீட்ல பேசினோம் சார். இவருக்குக் காது கேக்கல."

"ஏய்," என்றார் இவர், மெதுவாக.

"நீங்க பேசாதீங்க," என்றேன். என் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. மருந்துக்கடையில் யாரோ சில்லறை எண்ணுவதை நிறுத்தினார்கள்.

*

"என்ன சத்தம்?"

கிளினிக்கின் டாக்டர் அம்மா வாசலில் நின்றார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் பாதி கடித்த பிஸ்கட். அடுத்த நோயாளிக்கு முன்னால் கிடைத்த ஒரு நிமிஷத்தில் வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

கத்தரிக்கோல் எழுந்து நின்று முறையிட்டார். போன வருஷம் குடுத்ததை இந்த வருஷம் குடுக்க மாட்டேங்கறாங்க டாக்டர், கணவர் ஒத்துக்கிட்டதை மனைவி மறுக்கறாங்க டாக்டர், இப்படி யாராவது தொழில் செய்வாங்களா டாக்டர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "குடுத்ததை ஏன் இப்ப குடுக்க மாட்டீங்க? நியாயமான கேள்விதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்தார்.

"போன வருஷம் குடுத்தது காசு இல்ல டாக்டர்," என்றார். வலது கையைத் தூக்கினார். அது தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. "இதுதான்."



டாக்டர் பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டு நேராக வந்து இவர் தோளைப் பிடித்தார். முழங்கையை மடக்கினார், வெளிப்பக்கம் திருப்பினார். இவர் வழக்கம்போலப் பல்லைக் கடித்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. வலிக்குதா இல்லையா?"

"வலிக்குது."

"எங்கே ஆச்சு?"

"உங்க பின்பக்க மாடிப்படில."

டாக்டரின் கை அப்படியே நின்றது. கத்தரிக்கோல் தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். டாக்டரின் முகம் இளகுவதை நான் பார்த்தேன். டாக்டர் திரும்பி, "முழு விலையே குடுத்துடுங்க" என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் என் கோபம் இன்னும் ஒரு படி ஏறியதே தவிர, இறங்கவில்லை.

ஒரு வருஷமாக நான் சட்டைக்குள் நுழைக்கும் கை அது. அதைக் கொண்டுவந்து இந்த மேசையில் பேரத்துக்கு வைப்பதா?

"கையை இறக்குங்க," என்றேன் இவரிடம். "டாக்டர், அந்தக் கைக்காக எங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம். பாவப்பட்டுக் குடுக்கற காசும் எனக்கு வேண்டாம். பயமுறுத்தி வெட்டற காசும் வேண்டாம். உங்க ஸ்கேன் ரூம் ஒழுகுது. அதுக்கு என்ன செய்யணும், எவ்வளவு ஆகும்னு எழுதிக் குடுத்திருக்கேன். உங்ககிட்ட எவ்வளவு இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க."

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டதோ என்று தோன்றியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? முழு மாடிக்கு இப்ப இல்ல. எங்க மேனேஜர் சும்மா வெட்டல. இந்த வருஷம் நிஜமாவே இல்ல. எனக்கு எல்லாம் வேணும், காசுதான் இல்ல. அந்தத் தண்ணி சோதனையை விட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆச்சுன்னா, பதிச்ச ஓடெல்லாம் உடைச்சுத் தேடணும். அதுக்குள்ள தண்ணி கீழே மெஷினுக்கு வந்திருக்கும். நீங்க ஆபரேஷன் முடிச்சு, பஞ்சையும் கத்தரியையும் எண்ணிப் பார்க்காம தைப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் டாக்டர், யோசிக்காமலே. அப்புறம் அச்செடுத்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த மறு பாதிக்குக் கீழே என்ன இருக்கு?"

"ஃபைல் ரூம், அப்புறம் காத்திருக்கற வராந்தா," என்றார் கத்தரிக்கோல்.

"ஃபைலை ஒரு மழைக்காலத்துக்கு வேற ரூமுக்கு மாத்தலாம். மெஷினை மாத்த முடியாது. வராந்தாவுக்கு வாளி போதும்." விரலால் இரண்டாவது வழியைத் தட்டினார். "இது. பழைய பூச்சைப் பெயர்க்கறதையும் நம்ம ஆளுங்களே செய்யட்டும், தோட்டத்துக்காரங்க சும்மாதான் இருக்காங்க. அவ்வளவுதான் என்னால முடியும். சரியா?"

"சரி டாக்டர்."

"மறு பாதிக்கு மழைக்கப்புறம் விலை ஏறிடுமோ?"

"ஏறலாம். ஏறாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டர் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி இவரைப் பார்த்து, "நாளைக்கு வந்து ஸ்கேன் எடுங்க. ஃபீஸ் உண்டு. என்கிட்டயும் டிஸ்கவுண்ட் கிடையாது," என்றார். பிஸ்கட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

கத்தரிக்கோலுக்கு மனசு ஆறவில்லை. இரண்டாவது வழியின் தொகையைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்தால், குடிக்கப் பால் கிடைக்காத பூனை மாதிரி இருந்தது.

"சரி மேடம். எல்லாம் சரி. கடைசியில இந்தத் தொகையை மட்டும் ஒரு ரவுண்டா ஆக்கிடுங்க. பார்க்க அசிங்கமா இருக்கு."

இவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு உதடு சேர்வதைக்கூடப் பார்த்தேன்.

"ரவுண்டு பண்ணணும்னா மேல பண்ணிக்கலாம் சார்," என்றார் இவர்.

*

வீட்டுக்குப் போகும்வரை நான் பேசவில்லை. சிக்னலில் ஒரு முறை, "கோபமா?" என்றார். இது என்ன கேள்வி. அடுப்பில் கை வைத்துவிட்டு சூடா என்று கேட்கிற மாதிரி.

வாசலில் சாவியைத் திருப்பும்போது அவரே ஆரம்பித்தார். "நீ எதையாவது எடுத்துட்டுக் குறைக்கணும்னு சொன்னே. அதான்..."

"அவங்களுக்குத் தெரியறதை எடுக்கணும்! பாதி மாடி இல்லைன்னா அவங்களுக்குத் தெரியும். ஓடு இல்லைன்னா தெரியும். அது வேணுமா வேண்டாமான்னு அவங்களே யோசிப்பாங்க. நீங்க எடுத்தது அவங்களுக்குத் தெரியாத ஒண்ணு. அவங்களுக்குக் குறையவே இல்ல. நமக்கு மட்டும்தான் குறையும். போன வருஷம் தோளை எடுத்தீங்க. இந்த வருஷம் என் கையெழுத்தை எடுத்தீங்க."

மகள் உள்ளிருந்து ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"'முடியாது'ன்னு சொன்னா, போயிடுவாங்களோன்னு எனக்கு எப்பவும் ஒரு பயம்," என்றார், மகளின் தலையைப் பார்த்துக்கொண்டு. "நீகூட."

"நான் எங்கே போறது? நான் போனா உங்களுக்குச் சட்டை போட்டுவிட யார் இருக்கா," என்றேன். அன்று இரவு சாப்பாட்டைப் பரிமாறினேன், பேச்சைப் பரிமாறவில்லை.

பாதி மாடி என்றால் பாதி வருமானம்தான். நான்கு பேரில் இருவருக்கு இன்னொரு காண்ட்ராக்டரிடம் மூன்று வாரத்துக்கு வேலை பிடித்துக் கொடுத்தேன். இந்த முறை அது எனக்குத் தெரிந்து நடந்தது. மற்ற இருவரும் டிரம்களை மேலே கொண்டுபோனார்கள். கயிறும் கப்பியும் கட்டி இழுத்தார்கள். கப்பி வாடகையும் கொட்டேஷனிலேயே இருந்தது. முதல் நாள் இவர் ஒரு டிரம்மின் விளிம்பில் சும்மா கை வைத்தார். நான் கீழேயிருந்து பார்த்தேன். பார்த்தது அவருக்குத் தெரிந்தது. கையை எடுத்துக் கால்சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

பூச்சுகள் காய்ந்தன. குழாய் வாயை அடைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டோம். பாதி மாடி ஒரு சின்னக் குளம் மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கத்தரிக்கோல் ஸ்கேன் அறையில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்துகொண்டார் என்று நர்சுகள் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை இவர் மட்டும் போனார். நான் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, கிளினிக் வாசலிலேயே கத்தரிக்கோலின் குரல் கேட்டது.

"ஒழுகுது மேடம்! ஒழுகுது! உங்க வேலை ஒழுகுது! இப்ப டிஸ்கவுண்ட் குடுப்பீங்களா மாட்டீங்களா?"

ஸ்கேன் அறைக் கூரையின் மூலையில், குழாய் இறங்கும் இடத்தில், உள்ளங்கை அளவு ஈரம்.

"யார் முதல்ல பார்த்தது?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர்தான் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல," என்றார் கத்தரிக்கோல், கொஞ்சம் சத்தம் குறைந்து.

கண்ணாடி இல்லாத மேனேஜர். காட்டாமல் தண்ணீரை வடித்திருந்தால் மறுநாளே காய்ந்திருக்கும். ஓடு பதித்து, காசை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். போன வருஷத்து 'பார்த்துக்கலாம்' அதைத்தான் செய்திருக்கும்.

இவர் ஏணியிலிருந்து இறங்கினார். முழங்கால் வரை கால்சட்டை நனைந்திருந்தது.

"சார், இதுக்குத்தான் தண்ணி தேக்கறது," என்றார். "குழாய் வாயைச் சுத்தி ஒரு இடத்துல பூச்சு பிடிக்கல. தண்ணியை வடிய விட்டுட்டோம். காயட்டும், குழாயைச் சுத்திக் கொத்தி, புதுசா அடைச்சு, மறுபடி பூசி, மறுபடி தேக்குவோம். இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுக்கு உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல. விலையும் ஒரு பைசா குறையாது."

"திரும்பச் செய்யறதுக்குக் காசு வாங்க மாட்டீங்களா?"

"அது விலைக்குள்ளேயே இருக்கு சார். அதனாலதான் அந்த விலை."

கத்தரிக்கோல் ஈரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, அதையும் வெட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மாடிக்கு ஏறினோம். வடிந்துகொண்டிருந்த தண்ணீர் குழாய் வாயில் சுழன்று சுழன்று இறங்கியது. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மறு பாதி, வெடிப்போடும் பாசியோடும், யாரும் தொடாமல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வருகிறது. அதுவும் எங்கள் வேலையாக இருந்திருக்க வேண்டியது.

இவர் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். தண்ணீரில் குனிந்தபோது மேல் பொத்தான் கழன்றிருந்தது. ஒரு கையால் போட முயன்றார், முடியவில்லை.

"போட்டுவிடேன்," என்றார்.

"கேட்டா போடுவேன். பார்த்துக்கலாம்னு சொன்னா போட மாட்டேன்."

"கேக்கறேன்."

போட்டுவிட்டேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான்.